சிவப்பில் நிறுத்தி வைத்த நான்கு மாதங்கள்

வாரத்தில் மூன்று மாலை, நாலரை மணிக்கெல்லாம், டென்னிஸ் கிளப்பின் கடைசி மைதானத்தில் ஒரு பெண்மணி குனிந்து கோடு போட்டுக்கொண்டிருப்பார். ஒரு கையில் சாக்பீஸ், இன்னொரு கை இடுப்பில். ஐம்பத்திரண்டு வயது இடுப்பு, அதற்கும் ஒரு மரியாதை வேண்டுமல்லவா. பிள்ளைகள் அவருக்குச் சாக்பீஸ் மிஸ் என்று பெயர் வைத்துப் பல வருடம் ஆகிறது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

பெரியவர்கள் ஆடும் மைதானத்தின் அகலம்தான் சிவப்புப் பந்து ஆடும் சின்னவர்களுக்கு நீளம். அதாவது மைதானத்தைக் குறுக்கே திருப்பிக்கொண்டால், இந்தப் பக்கக் கோட்டிலிருந்து அந்தப் பக்கக் கோடு வரை பதினோரு மீட்டர். அதன் நடுவில் இடுப்பளவுகூட வராத ஒரு குட்டி வலையை நிறுத்திவிட்டால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அதுவே ஒரு முழு மைதானம். ஒரே மைதானத்தில் இப்படி நாலு குட்டி மைதானம் போட்டு, பதினாறு பிள்ளைகளை ஒரே நேரத்தில் ஆட வைப்பார். பக்கத்து மைதானத்தில் இரண்டே இரண்டு பெரியவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டுவதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம்.

சிவப்புப் பந்து கொஞ்சம் பெரியது, மெதுவாக வரும், துள்ளினாலும் பிள்ளையின் இடுப்போடு நின்றுவிடும். அதில் தேறினால் ஆரஞ்சு. அதற்குப் பதினெட்டு மீட்டர் மைதானம், கொஞ்சம் நீளமான மட்டை, மஞ்சள் பந்தின் பாதி வேகம். அதன் பிறகு பச்சை. பச்சைக்குப் பெரிய மைதானமே வந்துவிடும், பந்து மட்டும் இன்னும் கொஞ்சம் மெதுவானது. கடைசியில்தான் மஞ்சள், டிவியில் காட்டுகிறார்களே, அது. எண்ணிக்கையும் அப்படியே படிப்படியாக வளரும். சிவப்பில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முதலில் பத்துக்குப் போனவருக்கு வெற்றி. ஆரஞ்சில் ஏழு புள்ளி ஆட்டம் மூன்றில் இரண்டை ஜெயிக்க வேண்டும், அது பழகியதும் நாலு கேம் கொண்ட குட்டி செட். பதினைந்து, முப்பது, நாற்பது என்று வாய் நிறையச் சொல்லும் பாக்கியம் அங்கேதான் கிடைக்கும்.

இதையெல்லாம் சாக்பீஸ் மிஸ் ஒரு மதம் மாதிரி நம்பினார். அதற்குக் காரணம் உண்டு. அவர் ஏழு வயதில் ஆடத் தொடங்கியபோது இந்த நிறமெல்லாம் கிடையாது. அண்ணனுடைய மட்டை, பெரிய மைதானம், தலைக்கு மேலே துள்ளிப் போகும் பந்து. எட்டி எட்டி அடித்துப் பதினான்கு வயதில் முழங்கை போய்விட்டது. ஆட்டமும் அதோடு போய்விட்டது. இன்றைக்கும் ஈரத்துணி பிழிந்தால் வலது கை கொஞ்சம் முகம் சுளிக்கும். என் கையில் பிடிபடும் பிள்ளையாவது தன் அளவுக்கு ஆடட்டும் என்று சபதம் எடுத்துக்கொண்டு வந்தவர் அவர். பிள்ளையைச் சீக்கிரம் மஞ்சளுக்கு மாற்றச் சொல்லி வரும் பெற்றோரை வாசலிலேயே நிறுத்தி, “வயசைப் பார்த்து மாத்த மாட்டேன், ஆட்டத்தைப் பார்த்துத்தான் மாத்துவேன்” என்று அனுப்பிவிடுவார். கிளப் செயலாளருக்கே அவரிடம் கொஞ்சம் பயம்தான்.

இப்படிப்பட்டவர்தான் இந்தக் காரியத்தைச் செய்தார். அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிளப்பின் அலுவலக வராந்தாவில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு தாள். சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்குப் போக ஐந்து கட்டம் நிரம்ப வேண்டும்: பத்துப் பந்து விடாமல் ஆடுவது, இரண்டு பக்கமும் அடிப்பது, அடித்ததும் நடுவுக்குத் திரும்பி வருவது, தானே எண்ணி ஆட்டத்தை நடத்துவது, தலைக்கு மேலிருந்து சர்வ் போடுவது. தேறினால் மிஸ் பேனாவால் டிக் போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுவார். பிள்ளைகள் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அந்தப் பலகையைத்தான் பார்ப்பார்கள்.

தவளை என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சிறுமி இருந்தாள். எதிராளி பந்தை அடிக்கப் போகும் நேரத்தில் இரண்டு காலையும் சேர்த்து ஒரு குட்டித் துள்ளல் துள்ளுவாள். அது பெரிய ஆட்டக்காரர்கள் செய்வது, யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏழரை வயது. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரின் ஒரே மகள். ஆரஞ்சுக்குப் போவதைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது, அதை வாரம் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்: பதினைந்துக்கு அப்புறம் முப்பது சரி, முப்பதுக்கு அப்புறம் நாற்பத்தைந்து வராமல் ஏன் நாற்பது வருகிறது? மிஸ்ஸுக்கும் பதில் தெரியாது. அங்கே போய்க் கேட்டுக்கொள் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி பதினெட்டாம் தேதி சோதனை. தவளை பத்துக்குப் பதில் இருபத்து மூன்று பந்து விடாமல் ஆடினாள். பத்து சர்வில் எட்டு உள்ளே விழுந்தது. பந்தை அவள் மேலே போட்ட அழகைப் பார்த்து மிஸ் தன்னையறியாமல் சிரித்துவிட்டார். அலட்டல் இல்லாமல், ஒரு தட்டை அலமாரியில் வைக்கிற மாதிரி வைத்தாள். நாலு கட்டத்தில் டிக் விழுந்தது. ஐந்தாவதற்குப் போகும்போது பேனா நின்றது.

நின்றதற்குக் காரணம் செயலாளர். ஏப்ரல் கடைசியில் கிளப்புகளுக்கிடையே எட்டு வயதுக்குட்பட்டோர் சிவப்புப் பந்துக் குழுப் போட்டி. ஆரஞ்சுக்குத் தேறியவர்கள் திரும்பிச் சிவப்பில் ஆடக் கூடாது என்பது விதி. முந்தின நாள்தான் செயலாளர் மிஸ்ஸைக் கூப்பிட்டு வைத்து, கடைசி மைதானத்தைப் பிள்ளைகளிடமிருந்து திருப்பி வாங்கித் தரச் சொல்லி உறுப்பினர்கள் நச்சரிப்பதாகச் சொல்லியிருந்தார். பெரியவர்கள் ஆட இடமில்லாமல் சாக்பீஸ் கோட்டை மிதித்துக்கொண்டு திரிகிறார்களாம். அந்தப் போட்டியின் கேடயம் மட்டும் கிளப்புக்கு வந்துவிட்டால் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்றார். தவளை ஆடுகிறாள் அல்லவா என்றும் சேர்த்துக்கொண்டார். சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

மிஸ் பேனாவை மூடிவிட்டுப் பென்சிலை எடுத்தார். ஐந்தாவது கட்டத்தில் ‘பந்தை மேலே போடுவது சீராக இல்லை, பயிற்சி தேவை’ என்று எழுதினார். பென்சிலால் எழுதினால் பொய் கொஞ்சம் குறைவு என்று நினைத்தாரோ என்னவோ. விதி எதையும் அவர் மீறவில்லை. வயது சரி, குழு சரி. பதினாறு பிள்ளைகளுக்காக ஒரு பிள்ளை மூன்று மாதம் காத்திருப்பதில் என்ன குடி முழுகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பதினாறு பேரோடு, கேடயத்தைக் கையில் வாங்கும் பதினேழாவது ஆளாகத் தானும் இருப்பதை மட்டும் எண்ணாமல் விட்டார்.

தவளை தாளைப் படித்தாள். அழவில்லை. தன்னோடு சோதனைக்கு வந்து தேறிய மூன்று பேர் ஆரஞ்சுப் பந்தைப் பையில் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, எவ்வளவு உயரம் போட வேண்டும் என்று மட்டும் கேட்டாள். மிஸ், இன்னும் கொஞ்சம் என்று கையை ஆட்டினார். எந்த உயரத்தைச் சொல்வது, இருந்த உயரமே சரியாக இருக்கும்போது?

மறுநாள் கண்ணாடிக் கடைக்காரர் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று மிஸ் நினைத்தார். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ நாள் முழுக்க எழுத்துப் பலகையைக் காட்டி, எது தெரிகிறது எது தெரியவில்லை என்று கேட்டு, அதைச் சீட்டில் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவர். எழுதியிருப்பதை நம்புவதுதான் அவர் தொழில்.

“மத்தவங்க எல்லாம் புள்ளைய ஆகா ஓகோன்னு சொல்லியே கெடுத்துடறாங்க மிஸ். நீங்கதான் உள்ளத உள்ளபடி சொல்றீங்க” என்றார்.

கடை வாசலில் இருக்கும் கொக்கியில் ஒரு நூலைக் கட்டி, அதில் ஒரு மணியைத் தொங்கவிட்டு, பந்து அந்த மணியைத் தொட வேண்டும் என்று மகளுக்கு ஏற்பாடு செய்திருப்பதாகவும் சொன்னார். ரொம்ப உயரமாகக் கட்ட வேண்டாம் என்று மட்டும் மிஸ் சொன்னார். சொல்ல வேண்டியது அது இல்லை என்று அவருக்கே தெரியும்.

பிள்ளைகளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நாம் சொன்னதை நம்பிவிடுவார்கள். தவளை தினமும் மணியைத் தொட்டாள். பந்து உயரமாகப் போகப் போக, அது இறங்கி வரும் வரை மட்டையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. காத்திருந்த நேரத்தில் யோசனை வந்தது. யோசனை வந்ததும் கை நின்றது. பிப்ரவரியில் பத்துக்கு எட்டு விழுந்த சர்வ் ஆறாயிற்று. மார்ச்சில் மூன்று. தாளில் எழுதியிருந்த பொய்யை அந்தக் குழந்தை கஷ்டப்பட்டு உழைத்து உண்மையாக்கிக் காட்டியது. மிஸ் ஒவ்வொரு வகுப்பிலும் அதைப் பார்த்தார். சரி செய்ய ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொன்னால் ஐந்தாவது கட்டத்தில் டிக் போட வேண்டும். ஏப்ரல் முடியட்டும் என்று தள்ளிப் போட்டார்.

வீட்டில் அவருடைய கணவர், லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருக்கும்போது மிஸ் பட்டும் படாமலும் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தார். எல்லோரும் செய்வதுதான் என்று அவர் சொல்வார் என்ற ஆசை. அவர் சட்டையின் கையை மடித்து முடித்துவிட்டு, அந்தப் பிள்ளைக்கு இது தெரியுமா என்று கேட்டார். அதோடு அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டார்.

போட்டி நாளும் வந்தது. தவளை முதல் ஆட்டத்தில் மேலிருந்து சர்வ் போட்டுப் பார்த்தாள். இரண்டு முறை தொடர்ந்து வலையில் போய் விழுந்தது. அதற்கப்புறம் கீழிருந்தே தட்டிப் போட ஆரம்பித்தாள். சிவப்பில் அதற்குத் தடை இல்லை. மற்றபடி ஆட்டம் முழுக்க அவளுக்குச் சின்னதாகிவிட்டிருந்தது. வேலிக்கு வெளியே நின்ற மிஸ்ஸுக்கு, போன வருடச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த பிள்ளையைப் பார்ப்பது போல இருந்தது.

கடைசிக் குழு ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று நின்று, கேடயம் தவளையின் ஆட்டத்தில் வந்து தொங்கியது. எதிரே முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பொடியன், ஆறு வயது. அவன் இருக்க வேண்டிய இடத்தில்தான் அவன் இருந்தான். தன் அளவுக்கு நன்றாகத்தான் ஆடினான். தவளை அவனை இடமும் வலமும் ஓட வைத்தாள். பத்துக்கு நாலு. பொடியன் வலையருகே வந்து கை குலுக்கும்போதே உதடு பிதுங்கி அழுதுவிட்டான். தவளை குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னாள். மிஸ் பார்த்தார், என்னவென்று கேட்கவில்லை. செயலாளர் அதற்குள் கேடயத்தோடு படம் எடுக்கக் கூப்பிட்டுவிட்டார். அந்தப் படத்தில் மிஸ் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கேடயத்தை வராந்தாவில், பலகைக்கு நேர் மேலே மாட்டினார்கள். கடைசி மைதானத்தைப் பற்றி அதன் பிறகு ஒருவரும் மூச்சு விடவில்லை. செயலாளர் சொன்னது பலித்துவிட்டது.

மே மாதம் நடுவில் மிஸ் தவளையை ஆரஞ்சுக்கு வரச் சொன்னார். ஐந்தாவது கட்டத்தில் டிக் போடாமலே. அதற்குக் கை வரவில்லை. எல்லாம் அங்கே போனால் தானாகச் சரியாகிவிடும் என்று இருந்தார். பதினெட்டு மீட்டருக்குப் புதிய கோடு போட்டார். பெரிய வலையின் நடுப்பட்டையை இறுக்கிக் கொஞ்சம் தாழ்த்தினார். ஜனவரியில் போன மூன்று பேரும் அங்கே நாலு மாதம் பழகி, முப்பது நாற்பது என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

தவளை கோட்டில் போய் நின்றாள். பந்தை மேலே போட்டாள், பிடித்துக்கொண்டாள். மறுபடி போட்டாள், பிடித்துக்கொண்டாள். பதினோரு முறை. மிஸ் எண்ணினார், எண்ணாமல் இருக்க முடியவில்லை. கடைசியில் கீழிருந்து தட்டினாள். அங்கும் அதைத் தடுக்க விதி இல்லைதான். ஆனால் பந்து தொப்பென்று நடுவில் விழுந்தது, எதிரே நின்ற தோழி ஓடி வந்து அதைச் சாத்தினாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. தவளை ஒரு முறைகூடத் துள்ளவில்லை. நாலாவதில் மட்டையைக் கீழே வைத்துவிட்டு மிஸ்ஸிடம் நடந்து வந்தாள்.

“மிஸ், நான் செவப்புக்கே போயிடறேனே. எனக்கு அதுதான் சரி” என்றாள்.

சாக்பீஸ் மிஸ் மற்றவர்களைத் தண்ணீர் குடிக்க அனுப்பினார். இடுப்பு வலிக்க வலிக்க அவள் முன் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

“உன் சர்வ்ல ஒரு கொறையும் இல்லம்மா. ஜனவரியிலயே நல்லா இருந்துச்சு. நான் பொய் எழுதிட்டேன்.”

“தெரியாம மாத்தி எழுதிட்டீங்களா?”

“இல்ல. தெரிஞ்சேதான் எழுதினேன். நீ ஆரஞ்சுக்குப் போயிட்டா செவப்பு டீம்ல ஆட முடியாது. கேடயம் வேணும்னு நெனச்சேன். அது என் தப்பு, உன் தப்பு இல்ல.”

தவளை கொஞ்ச நேரம் மட்டையின் நரம்பை விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று மிஸ் பார்த்தார். அழுதிருந்தால் தூக்கி அணைத்துக்கொள்ள ஒரு வழி இருந்திருக்கும்.

“அந்தப் பல்லு இல்லாத பையன் அழுதான்ல” என்றாள் தவளை. “அவன்கிட்ட நான் சொன்னேன், எனக்கும்தான் சர்வ் வராது, அதனாலதான் நானும் இங்கயே இருக்கேன்னு.”

வெட்கத்தில் மிஸ்ஸின் முகம் காதுவரை எரிந்தது. எழுதியது ஒரு வரி. அது இந்தப் பிள்ளையின் கைக்குள் போய், அங்கிருந்து இன்னொரு பிள்ளையின் காதுக்கும் போயிருக்கிறது. அந்தப் பொடியன் எந்த வீட்டில் இருக்கிறான் என்றுகூட அவருக்குத் தெரியாது. தேடிப் போய்ச் சொல்லத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

தவளை வராந்தாவுக்கு நடந்தாள். மிஸ் பின்னாலேயே போனார். அவள் எட்டித் தன் தாளைப் பலகையிலிருந்து எடுத்து நீட்டினாள். மிஸ் பென்சில் வரியின் மேல் ஒரு கோடு கிழித்தார். சர்வ் கட்டத்தில் பேனாவால் டிக் போட்டார். பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினார்.

தவளை தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“இன்னைக்கு எனக்கு வரலையே மிஸ். அன்னைக்குத்தானே வந்துச்சு?”

அந்தத் தாள் கேடயத்துக்கு நேர் கீழே மாட்டுவது. ஏப்ரல் மாதத்துக் கேடயத்தின் கீழே ஜனவரி தேதியைப் பார்த்தால், விதி தெரிந்த யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. செயலாளர் தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறார். கடைசி மைதானத்துக்கு ஆசைப்படும் உறுப்பினர்களும் அங்கே நின்றுதான் ஷூ மாட்டுகிறார்கள். கேடயம் போகும். மைதானம் போகலாம். இனி எந்தப் பெற்றோரையும் வாசலில் நிறுத்தி உபதேசம் பண்ண முடியாது. மிஸ் இதையெல்லாம் யோசித்தார், யோசிக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். பிறகு எழுதிய தேதியை அடித்துவிட்டு, அதன் மேல் தெளிவாக எழுதினார்: ஜனவரி பதினெட்டு.

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கடைக்காரர் மகளை அழைத்துப் போக வந்தார். தாளைக் கண்டதும் வழக்கம் போல ஆவலாகக் கையில் வாங்கினார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, டிக்கைப் பார்த்து முகம் மலர்ந்தார். பிறகு பக்கத்திலிருந்த தேதியில் கண் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“மிஸ், தேதிய மட்டும் தப்பாப் போட்டுட்டீங்க போல” என்றார், மரியாதையோடு.

தவளை மிஸ்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இல்ல சார்” என்றார் சாக்பீஸ் மிஸ். “தேதி சரிதான். மத்ததுதான் தப்பு. உக்காருங்க, சொல்றேன்.”